மூன்று மாதம் ஜெர்மனியிலா, ஒரு வருடம் வீட்டிலா? நாற்பதை நெருங்கி மொழி கற்பவருக்கு ஓர் ஒப்பீடு

வேலையில் இருக்கும் 38 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்குள் அவர் ஜெர்மன் மொழியில் பி1 நிலையை எட்ட வேண்டும். அன்றாட விஷயங்களைத் தட்டுத் தடுமாறியாவது பிறர் துணையின்றிப் பேசிச் சமாளிக்கும் நிலை அது. அவர் காதில் இரண்டு பேச்சுகள் ஏற்கெனவே விழுந்திருக்கும். ஒன்று, "இந்த வயசுக்கு மேல் மொழி ஏறாது." இன்னொன்று, "அந்த நாட்டில் போய் இருந்தால்தான் வரும்." முதல் பேச்சை நம்பினால் அவர் தொடங்கவே மாட்டார். இரண்டாவதை நம்பினால், எழுத்துகூடத் தெரியாத நிலையில் மூன்று மாத விடுப்பு போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்.

அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம் தங்கி அங்கேயே வகுப்பில் சேர்வது. இரண்டாவது, ஊரை விட்டு நகராமல் வேலையோடு வேலையாக ஒரு வருடம் படிப்பது. மூன்றாவது, ஏறக்குறைய ஒன்பது மாதம் வீட்டில் படித்துவிட்டுக் கடைசியில் ஐந்து வாரம் அங்கே போய்வருவது. இவற்றை ஒப்பிடுவதற்கு முன் வயது என்ற தடைக்கல்லை ஓரமாக நகர்த்த வேண்டும். முழுவதும் தூக்கி எறிய முடியாது, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

வயது எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை

மொழிக்கு ஒரு கெடு வயது உண்டு என்ற கருத்தைப் பரவலாக்கியது எரிக் லென்னபர்க் 1967-இல் எழுதிய நூல். அவர் முதன்மையாகப் பேசியது தாய்மொழியைப் பற்றி. பருவமடையும் வயதுக்குள் எந்த மொழியுமே வாய்க்காத குழந்தைக்குப் பிறகு என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு மொழியை முழுதாகக் கற்றுவிட்ட பெரியவர் இரண்டாவது மொழியைத் தொடங்குவது வேறு விஷயம். அந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதில்தான் குழப்பம் தொடங்கியது.

இரண்டாம் மொழியைப் பற்றி 2018-இல் ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. இணையத்தில் ஆங்கில இலக்கணத் தேர்வு எழுதிய சுமார் 6,70,000 பேரின் விடைகளை அவர்கள் அலசினார்கள். இலக்கணத்தைக் கற்கும் வேகம் ஏறத்தாழ 17 வயது வரை குறையாமல் இருந்து அதன்பின் இறங்குகிறது என்பது அவர்கள் முடிவு. அந்த 17 என்ற எல்லை எல்லாருக்கும் பொருந்துமா என்று பிறகு கேள்வி எழுப்பியவர்களும் உண்டு. எப்படியானாலும், செய்தித் தலைப்புகளில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது. இந்த ஆய்வின் அளவுகோல், பல ஆண்டுகள் கழிந்தபின் தாய்மொழிக்காரரிடமிருந்து பிரித்தறிய முடியாத அளவு துல்லியம் வருகிறதா என்பது. ஒரு வருடத்தில் பி1 வருமா என்ற கேள்விக்கும் அதற்கும் ஒட்டுறவு குறைவு.

நம் ஆளுக்குத் தேவையான கேள்வி, தொடக்கத்தில் யார் வேகமாக நகர்கிறார்கள் என்பதுதான். 1978-இல் ஸ்னோ, ஹூஃப்நாகல்-ஹூலே ஆகிய இருவரும் நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற ஆங்கிலம் பேசுவோரை ஒரு வருடம் தொடர்ந்து சோதித்தார்கள். முதல் சில மாதங்களில் மற்றவர்களை முந்தியவர்கள் 12 முதல் 15 வயதினரும் பெரியவர்களும்தான். வருட முடிவில் 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் முன்னணிக்கு வந்துவிட்டார்கள். எல்லாச் சோதனைகளிலும் கடைசியில் நின்றவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். சின்னக் குழந்தை மொழியைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும் என்பது நீண்ட கால முடிவைப் பார்த்துச் சொல்வது. அதன் பின்னால் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கிறது. பெரியவர் ஒரு விதியைப் படித்து அன்றைக்கே பயன்படுத்துவார். குழந்தையால் அது முடியாது.

ஆக வயதை ஒரே கதவாக நினைக்கக்கூடாது. சொற்களைக் கற்பதற்கு வயது வரம்பு இல்லை. இலக்கணம் வரும், ஆனால் முழுத் துல்லியம் மெதுவாகவே வரும். உச்சரிப்பில்தான் வயதின் பிடி இறுக்கம், அதனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். திட்டம் போடும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் போதும்.

மூன்று வழிகளின் மணிக்கணக்கு

ஒரு நிலையை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பி1 தேர்வுக்கு வருபவர் 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை முடித்திருக்க வேண்டும் என்பது ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனம் தரும் தோராயக் கணக்கு. மணியாக மாற்றினால் 262 முதல் 488 வரை வருகிறது. அது வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமே, வீட்டுப்பாடம் அதில் சேராது. எனவே எல்லாம் சேர்த்து 450 மணிக்குக் குறையாமல் திட்டமிடுவது நல்லது. 300 மணியில் முடித்தவர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு மொழி ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதல் வழியைப் பார்ப்போம். தீவிர வகுப்பு என்பது பொதுவாக வாரத்துக்கு 20 பாடவேளை, அதாவது 15 மணி நேரம். 12 வாரத்துக்கு 180. வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேர வீட்டுப்பாடம் சேர்த்தால் 240. மீதி எல்லாம் வகுப்புக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. தன் மொழிக்காரர்களோடு அறை எடுத்து, அலுவலக வேலையையும் தொலைவிலிருந்து ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டிருந்தால், கடையிலும் ரயிலிலும் பேசுவது நாளுக்கு அரை மணி தேறினாலே பெரிது. 84 நாளுக்கு அது 42 மணி. மொத்தம் 282. இலக்கில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை. இதையே, ஜெர்மன் மட்டும் பேசும் ஒரு குடும்பத்தோடு தங்கி நாளுக்கு மூன்று மணி அந்த மொழியில் கழிந்தால் 252 மணி கூடும், மொத்தம் 492. நாடும் ஒன்று, வகுப்பும் ஒன்று. தங்கும் வீடு மாறியதில் மட்டும் 210 மணி வித்தியாசம்.

இரண்டாவது வழி. வாரத்தில் ஆறு நாள் ஒரு மணி நேரப் படிப்பு, தனி ஆசிரியரோடு 40 நிமிட உரையாடல் மூன்று, ஞாயிறன்று எழுதவும் கேட்கவும் இரண்டு மணி. ஆக வாரத்துக்கு 10 மணி. காய்ச்சல், வேலை நெருக்கடி என்று ஆறு வாரம் போனாலும் 46 வாரத்தில் 460 மணி சேரும். அதில் 80 மணிக்கு மேல் ஆசிரியரோடு உரையாடும் நேரம்.

மூன்றாவது வழியில் 36 வாரம் இதே அளவில் படித்தால் 360. பிறகு 35 நாள் அங்கே தங்கி நாளுக்கு மூன்று மணி ஜெர்மனில் புழங்கினால் 105. மொத்தம் 465.

கணக்கின்படி மூன்று வழியிலும் இலக்கை எட்டலாம். ஆனால் முதல் வழிதான் எளிதில் கவிழக்கூடியது. அதன் பாதிப் பலன் உங்கள் கையில் இல்லாத ஒன்றை, யாரோடு தங்க நேர்கிறது என்பதை, நம்பியிருக்கிறது.

நாடு கற்றுத்தருமா?

இதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். 2004-இல் ஃப்ரீட், செகலோவிட்ஸ், டூயி மூவரும் பிரெஞ்சு கற்ற அமெரிக்க மாணவர் 28 பேரை ஒப்பிட்டார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கமான வகுப்பில் இருந்தது. ஒரு குழு பிரான்சுக்குப் போனது. மூன்றாவது குழு, சொந்த நாட்டிலேயே பிரெஞ்சைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டு ஒரு கோடைக்கால முகாமில் தங்கியது. பேச்சின் சரளத்தில் அதிகம் முன்னேறியவர்கள் முகாமில் இருந்தவர்கள்தான். பிரான்சுக்குப் போனவர்கள் அவர்களுக்கு அடுத்த நிலையில்தான் வந்தார்கள். காரணம் மர்மமானதல்ல. பிரான்சில் இருந்தவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பேசியதாக அவர்களே குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு சான்று தனிமனிதர் ஒருவருடையது. ரிச்சர்ட் ஷ்மிட் 1983-இல் எழுதிய ஆய்வில் வெஸ் என்ற புனைபெயரில் வரும் ஜப்பானிய ஓவியர், முப்பது வயதைத் தாண்டி ஹவாயில் குடியேறியவர். கூச்சமில்லாமல் பேசுவார். நாளெல்லாம் ஆங்கிலத்தில்தான் பழக்கம். மூன்று வருடத்தில் நண்பர்களோடும் வாடிக்கையாளர்களோடும் தாராளமாகப் பேசவும் கதை சொல்லவும் பழகிவிட்டார். ஆனால் பன்மை விகுதியும் இறந்தகால விகுதியும் தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றன. அவர் சொல்ல வந்தது எதிராளிக்குப் புரிந்துவிட்டது, அதனால் யாரும் திருத்தவில்லை. திருத்தப்படாத பிழை காலப்போக்கில் இறுகிப்போகும். அந்நிய நாட்டில் பல வருடம் வாழ்ந்தும் இலக்கணம் முடங்கிப்போனவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஜெர்மனில் இது எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அங்கே ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், அஃறிணைபோல் ஒரு மூன்றாம் பால் என்று ஏதாவது ஒன்று உண்டு. பொருளைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது. 'மெட்ஷென்' என்றால் சிறுமி, ஆனால் அந்தச் சொல் மூன்றாம் பாலில் சேர்கிறது. முன்னால் வரும் 'டேர்', 'டீ', 'டஸ்' என்ற சுட்டு தவறினாலும் கடைக்காரருக்குப் புரியும், பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆகவே கடை உங்களுக்குப் பாலைக் கற்றுத்தராது. ஒவ்வொரு சொல்லையும் முதல் நாளிலிருந்தே சுட்டோடு ஒட்டி ஒரே சொல்லாக மனப்பாடம் செய்வதும், ஆசிரியரிடம் "இன்று சுட்டுப் பிழையை மட்டும் நிறுத்தித் திருத்துங்கள்" என்று கேட்டுக்கொள்வதும்தான் வழி. எல்லாப் பிழையையும் திருத்தச் சொன்னால் பேச்சே நகராது. ஒரு வகுப்புக்கு ஒரு வகைப் பிழை போதும்.

வினைச்சொல் விஷயத்தில் தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. ஜெர்மனில் 'ஏனென்றால்' போன்ற இணைப்புச் சொல்லோடு தொடங்கும் துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் பேசுபவரை அலைக்கழிக்கும் இடம் அது. வினையைக் கடைசியில் வைத்தே யோசித்துப் பழகிய நமக்கு அது இயல்பு. நமக்குச் சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நின்றே ஆக வேண்டும். "நாளைக்கு" என்று தொடங்கினால் அடுத்து வருவது வினை, அதன் பின்னரே "நான்".

தொடக்க நிலையில் அங்கே போவதற்கு இன்னொரு குறையும் உண்டு. ஒன்றும் தெரியாதவர் காதில் ஜெர்மன் பேச்சு சொற்களாகப் பிரிந்து விழாது, ஒரே இரைச்சலாகத்தான் விழும். இவர் திணறுவதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஓரளவு தேறியபின் போனால் எதிராளி மாறவேண்டிய அவசியம் இருக்காது. ஒன்பது மாதம் படித்துவிட்டுப் போகும் ஐந்து வாரம், வெறுங்கையோடு போகும் மூன்று மாதத்தின் பெரும்பகுதிக்கு ஈடாவது இதனால்தான்.

உச்சரிப்பு: வயது உண்மையிலேயே குறுக்கே நிற்கும் இடம்

தமிழில் 'ஊ' என்றால் உதடு குவியும், நாக்கு பின்னால் போகும். 'ஈ' என்றால் உதடு விரியும், நாக்கு முன்னால் வரும். ஜெர்மனில் இவை கலந்த ஒரு ஒலி இருக்கிறது. நாக்கை 'ஈ' சொல்லும் இடத்தில் அசையாமல் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் அது வரும். 'ப்ரூடர்' என்பதை நம் ஊகாரத்தோடு சொன்னால் ஒரு சகோதரன், அந்தக் கலப்பு ஒலியோடு சொன்னால் பல சகோதரர்கள். அதேபோல் நாக்கை 'ஏ'க்கும் உதட்டை 'ஓ'வுக்கும் வைத்தால் இன்னொரு ஒலி. 'ஷோன்' என்று சாதாரண ஓகாரத்தில் சொன்னால் 'ஏற்கெனவே'. கலப்பு ஒலியில் சொன்னால் 'அழகான'.

வாயில் வராதது இரண்டாவது சிக்கல்தான். அதற்கு முன்பு காதிலேயே இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. பெரியவரின் காது தாய்மொழியின் ஒலிப் பெட்டிகளில் புது ஒலியைப் போட்டுவிடுகிறது. இதை மாற்ற முடியாது என்றுதான் நீண்ட நாள் நம்பினார்கள். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ரகர, லகர வேறுபாடு காதில் பிடிபடாது என்பது தெரிந்ததே. 1991-இல் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் அந்த வேறுபாட்டைப் பெரியவர்களுக்கே பயிற்றுவித்துக் காட்டினார்கள். ஓர் ஒலி மட்டும் மாறும் சொல் இணைகள், ஐந்து வெவ்வேறு குரல்கள், மூன்று வாரத்தில் 15 அமர்வுகள். ஒவ்வொரு விடைக்கும் சரியா தவறா என்று உடனே சொன்னார்கள். எல்லாரும் முன்னேறினார்கள். 1997-இல் வந்த தொடர் ஆய்வு, காதுக்கு மட்டும் கொடுத்த இந்தப் பயிற்சி வாயின் உச்சரிப்பையும் மேம்படுத்தியதைக் காட்டியது.

வீட்டில் செய்யும் முறை இது. ஒரு ஒலிவேறுபாட்டுக்கு 20 சொல் இணைகளைத் தேர்ந்தெடுங்கள். தாய்மொழிக்காரர்களின் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கும் உச்சரிப்புத் தளங்களிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் குறைந்தது நான்கு குரல்களை எடுங்கள். பதிவுகளை வரிசை கலைத்து ஒலிக்கவிட்டு, எது என்று சொல்லிவிட்டு, உடனே விடையைப் பாருங்கள். நாளுக்கு 15 நிமிடம், மூன்று வாரம். ஒரே குரலை வைத்துச் செய்வதுதான் வழக்கமான தவறு. அந்தக் குரலில் மட்டும் நன்றாகப் பிரித்துவிடுவீர்கள், புதியவர் பேசினால் பழையபடி குழம்பும். மூன்றாம் வார இறுதியில் இதுவரை கேட்காத ஒரு குரலில் 20 சொல்லைக் கேட்டுப் பாருங்கள். 16-க்கு மேல் சரியாக வந்தால் அடுத்த ஒலிக்கு நகரலாம். ஜெர்மனியில் சும்மா தங்கியிருப்பது இந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. தெருவில் யாரும் 'ப்ரூடர்' சொல்லி இது ஒருமையா பன்மையா என்று கேட்டு உங்களைத் திருத்தப்போவதில்லை. நாற்பது வயதில் சொந்தச் சாயல் முழுக்க மறைவது அரிது, மறைய வேண்டிய தேவையும் இல்லை. பிறர் திரும்பக் கேட்காமல் புரிந்துகொண்டால் போதும்.

வீட்டு வழி எங்கே உடையும்

வீட்டில் படிப்பவர் தோற்பது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். படிப்பதும் செயலியில் தட்டுவதும் சுகமாக இருக்கும். பேச்சை "இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்று தள்ளிப்போடுவார். ஆறு மாதத்தில் வாசிக்க வரும், வாய் திறக்க வராது. இதைத் தவிர்க்க ஆறாவது வாரத்திலேயே உரையாடல் வகுப்பைத் தொடங்கிவிட வேண்டும். முதல் வகுப்புகளில் 40 நிமிடத்தையும் ஜெர்மனிலேயே ஓட்ட முடியாது. ஒரே தலைப்பை மூன்று முறை பேசுங்கள். முதலில் நான்கு நிமிடம், அதையே மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில். மூன்றாவது முறை இடைநிறுத்தங்கள் குறைவது உங்கள் காதுக்கே தெரியும்.

சொற்களுக்கு நாளுக்குப் பத்து என்பது தாங்கக்கூடிய அளவு. வாரம் ஆறு நாள், நாற்பது வாரம் என்றால் 2,400. பி1 தேர்வுக்கான சொற்பட்டியலும் ஏறத்தாழ இந்த அளவுதான். இடைவெளி விட்டு மீள்பார்க்கும் அட்டைமுறையில் இதற்கு நாளுக்கு 20 நிமிடம் போதும். நான்கு நாள் தவறினால் அட்டைகள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும், அதைக் கண்டதுமே பலர் கைவிடுகிறார்கள். குவிந்தால் புதுச் சொற்களை நிறுத்திவிட்டுப் பழையவை தீரும்வரை அவற்றை மட்டும் பாருங்கள்.

முன்னேறுகிறோமா என்பதை மனநிலையை வைத்து அளக்கக்கூடாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரே கேள்விக்கு, உதாரணமாக "நேற்று என்ன செய்தீர்கள்?" என்பதற்கு, குறிப்பு ஏதும் பார்க்காமல் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பேசிய சொற்களையும் சுட்டுப் பிழைகளையும் எண்ணிக் குறித்து வையுங்கள். சொல் எண்ணிக்கை இரண்டு பதிவுகளில் தொடர்ந்து ஏறாவிட்டால் பேச்சு நேரம் போதவில்லை என்று பொருள். சொல் ஏறியும் நூறு சொல்லுக்கு வரும் பிழை குறையாவிட்டால் நீங்கள் வெஸ் போன பாதையில் போகிறீர்கள், திருத்தம் போதவில்லை.

எதைத் தேர்வது

நம் 38 வயதுக்காரருக்கு எங்கள் தேர்வு மூன்றாவது வழி. ஐந்து வார விடுப்பு கிடைக்காவிட்டால் இரண்டாவது. அதில் நிலையில் இழப்பு பெரிதல்ல. இரைச்சலான இடத்தில் பலர் ஒரே நேரத்தில் பேசுவதைப் பின்தொடரும் பழக்கம் மட்டும் குறையும்.

முதல் வழி பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். வேலையோடு தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க எந்த வகையிலும் முடியாதவர், ஆனால் மூன்று மாதம் முழுசாகக் கிடைப்பவர். அல்லது அங்கேயே வேலைக்குக் குடிபெயரப் போகிறவர். இவர்கள் கிளம்பும் முன் வீட்டில் எட்டு வாரமாவது படித்து எண்கள், நேரம், 500 சொல், நிகழ்கால வினை ஆகியவற்றைக் கைவசப்படுத்திக்கொள்ள வேண்டும். தங்குமிடம் தேடும்போது அறையின் அளவைக் கேட்பதற்கு முன், அந்த வீட்டில் மாலையில் எந்த மொழி பேசப்படுகிறது என்று கேளுங்கள். போன முதல் வாரம் ஒவ்வோர் இரவும் அன்று எத்தனை நிமிடம் ஜெர்மன் பேசினோம் என்று எழுதி வையுங்கள். ஏழு நாளின் சராசரி ஒரு மணிக்குக் குறைவாக இருந்தால் இரண்டாவது வாரத்திலேயே வீட்டை மாற்றுங்கள்.